மொமெண்டம் லாபத்தில் உங்கள் கைக்கு எவ்வளவு வரும்?

நிஃப்டி200 மொமெண்டம் 30 குறியீட்டின் வரைபடம் 2005 ஏப்ரல் 1-ல் தொடங்குகிறது. ஆனால் அந்தக் குறியீடு வெளியானது 2020 ஆகஸ்டில்தான். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் அதில் யாரும் ஒரு ரூபாய்கூடப் போட்டதில்லை. இந்த விதிப்படி அன்றே பங்குகளை வாங்கி விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று, பழைய விலைகளை வைத்துப் பின்னாளில் போட்ட கணக்கு அது. அந்தக் கணக்கில் புரோக்கர் இல்லை, பங்குப் பரிவர்த்தனை வரி இல்லை, வருமான வரித் துறையும் இல்லை. ஃபண்ட் நிறுவனங்களின் கையேடுகளில் செங்குத்தாக ஏறும் கோட்டின் பெரும்பகுதி இப்படி வரைந்ததுதான்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. கையேட்டின் அடியில் சிறிய எழுத்தில் எல்லாம் போட்டிருக்கும். மொமெண்டம் என்ற விஷயமும் பொய்யல்ல. நிதியியல் ஆராய்ச்சியில் அதற்கு இருக்கும் அளவுக்கு ஆதாரம் வேறு சில விஷயங்களுக்குத்தான் உண்டு. ஆனால் ஆராய்ச்சித் தாளில் இருக்கும் லாபம், குறியீட்டில் இருக்கும் லாபம், உங்கள் வங்கிக் கணக்கில் வந்து விழும் லாபம் மூன்றும் ஒன்றல்ல. சில ஆண்டுகளாகப் பங்குச் சந்தையில் இருந்து, சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டைத் தாண்டி எதையாவது முயலலாம் என்று நினைப்பவர்கள் அந்த இடைவெளியைத்தான் முதலில் அளக்க வேண்டும்.

மூன்று காரணிகள்

ஒரு நிறுவனத்தைத் தனியாக ஆராய்ந்து வாங்காமல், ஒரே குணம் உள்ள பங்குகளை மொத்தமாக வாங்குவதைக் காரணி முதலீடு என்கிறார்கள். சந்தையில் புழங்கும் பெயர் ஃபேக்டர் இன்வெஸ்டிங். இந்த நிறுவனம் நல்லதா, அந்த முதலாளி நேர்மையானவரா என்ற கேள்வியே இங்கு எழாது. விலை, லாபம், ஏற்ற இறக்கம் போன்ற எண்களை வைத்து வரிசைப்படுத்தி, மேலே வரும் முப்பதையோ ஐம்பதையோ வாங்கி, குறித்த இடைவெளியில் மறுபடி வரிசைப்படுத்தி மாற்றிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

இந்தக் குணங்களில் பழையது வேல்யூ. நிறுவனத்தின் சொத்து மதிப்பு, லாபம் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் மலிவாகக் கிடைக்கும் பங்குகள் இவை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜீன் ஃபாமாவும் கென்னத் ஃபிரெஞ்சும் 1992-ல் வெளியிட்ட ஆய்வு இதை உலகறியச் செய்தது. மலிவான பங்குகள் நீண்ட காலத்தில் கூடுதல் வருமானம் தந்திருந்தன. அதற்கு அடுத்த ஆண்டு, 1993-ல், நரசிம்மன் ஜெகதீஷும் ஷெரிடன் டிட்மனும் மொமெண்டத்தை முன்வைத்தார்கள். கடந்த ஆறு மாதத்தில் நன்றாக ஏறிய அமெரிக்கப் பங்குகளை வாங்கி, மோசமாக இறங்கியவற்றை ஷார்ட் அடித்து, ஆறு மாதம் வைத்திருந்தால் 1965 முதல் 1989 வரை ஆண்டுக்குச் சுமார் 12% கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று அவர்கள் காட்டினார்கள். விலையை மட்டும் பார்த்து லாபம் எடுக்க முடியாது என்று கற்பித்து வந்த பேராசிரியர்களுக்கு இது பெரிய தலைவலி.

மூன்றாவது, லோ வாலட்டிலிட்டி. அதிகம் ஆடாத பங்குகள் என்று பொருள். ரிஸ்க் கூடினால் வருமானம் கூட வேண்டும் என்பது பாடப்புத்தக விதி. அந்த உறவு விதி சொல்லும் அளவுக்கு இல்லை என்பதை ஃபிஷர் பிளாக், மைக்கேல் ஜென்சன், மைரன் ஷோல்ஸ் மூவரும் 1972-லேயே பார்த்துவிட்டார்கள். ஆடாத பங்குகள், ஆடும் பங்குகளுக்கு ஏறக்குறைய ஈடான வருமானத்தைக் குறைந்த அதிர்ச்சியோடு தந்தன. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். லோ வாலட்டிலிட்டி அதிக வருமானத்துக்கான வாக்குறுதி அல்ல. ஏறக்குறைய அதே வருமானம், கொஞ்சம் நிம்மதியான தூக்கம் என்பதே அதன் பேரம். சந்தை துள்ளி ஏறும் ஆண்டுகளில் அது கண்டிப்பாகப் பின்தங்கும்.

இவை ஏன் நடக்கின்றன என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. மலிவான நிறுவனங்கள் உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவை, அதற்கான கூலிதான் கூடுதல் வருமானம் என்பது ஃபாமாவின் பக்கம். மக்கள் கெட்ட செய்தியை எல்லையில்லாமல் நீட்டிப் பார்த்து நல்ல பங்கையும் அடிமாட்டு விலைக்குத் தள்ளுகிறார்கள் என்பது எதிர்ப்பக்கம். மொமெண்டத்துக்கு மனித மனமே காரணம் என்பதில் எனக்குச் சந்தேகம் குறைவு. பத்து சதவீதம் ஏறிய பங்கை விற்று லாபத்தைக் கையில் பார்க்கவும், நாற்பது சதவீதம் இறங்கிய பங்கை 'போட்ட விலை வரட்டும்' என்று வைத்திருக்கவும் நமக்குள் ஒரு பழக்கம் இருக்கிறது. அதனால் நல்ல செய்தி விலையில் முழுதாக ஏற நாளாகிறது. லோ வாலட்டிலிட்டியின் கதை இன்னும் எளிது. லாட்டரி போலப் பத்து மடங்காகும் பங்கையே எல்லாரும் தேடுவதால், அலுப்பூட்டும் பங்குகளுக்கு விலை கொடுக்க ஆளில்லாமல் போகிறது.

பெயரைப் பார்த்து வாங்காதீர்கள்

ஒரே காரணியின் பெயரில் முற்றிலும் வேறான இரண்டு சரக்குகள் கிடைக்கும். இதற்கு வேல்யூவை விட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. நிஃப்டி50 வேல்யூ 20 குறியீட்டில் மலிவு மட்டும் அளவுகோல் அல்ல. நிறுவனம் தன் மூலதனத்தின் மீது எவ்வளவு சம்பாதிக்கிறது என்பதும் சேர்கிறது. அதனால் இன்ஃபோசிஸ், டிசிஎஸ், ஐடிசி போன்ற பணம் கொழிக்கும் நிறுவனங்கள் அதில் பெரும் இடம் பிடித்து வந்திருக்கின்றன. நிஃப்டி500 வேல்யூ 50 குறியீட்டில் அந்த வடிகட்டி கிடையாது. அங்கே பொதுத்துறை வங்கிகள், எண்ணெய், நிலக்கரி, உலோகம் எனச் சுழற்சித் தொழில்கள் குவிகின்றன. ஒன்று பின்தங்கும் ஆண்டில் மற்றொன்று பாயும். இரண்டையும் வேல்யூ என்றே விற்கிறார்கள். ஃபாமாவும் ஃபிரெஞ்சும் ஆராய்ந்தது இரண்டாவதுக்கே நெருக்கம்.

மொமெண்டத்திலும் இப்படி உண்டு. நிஃப்டி200 மொமெண்டம் 30, நாட்டின் இருநூறு பெரிய, நடுத்தரப் பங்குகளை எடுத்து, ஆறு மாத விலையேற்றத்தையும் பன்னிரண்டு மாத விலையேற்றத்தையும் அந்தந்தப் பங்கின் ஏற்ற இறக்கத்தால் வகுத்து மதிப்பெண் போடுகிறது. தடதடவென ஆடி 60% ஏறிய பங்கைவிட, நிதானமாக 45% ஏறிய பங்கு அங்கே முன்னால் நிற்கலாம். ஜூன், டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை பட்டியல் மாறுகிறது. நிஃப்டி100 லோ வாலட்டிலிட்டி 30 குறியீட்டில் முந்தைய ஓராண்டின் அன்றாட விலை அசைவை அளந்து, குறைவாக அசைந்த முப்பதைத் தேர்ந்து, அசைவு குறையக் குறைய எடையைக் கூட்டுகிறார்கள். மாற்றம் காலாண்டுக்கு ஒரு முறை.

ஆதாரம் எவ்வளவு கெட்டி?

இந்தியச் சந்தையைப் பொறுத்தவரை அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர்கள் சோபேஷ் அகர்வாலா, ஜோஷி ஜேக்கப், ஜயந்த் வர்மா மூவரும் 2013-ல் வெளியிட்ட கணக்கு முக்கியமானது. 1993-லிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் மொமெண்டம் காரணியின் சராசரி வருமானம் ஆண்டுக்கு 21.9%, வேல்யூ காரணிக்கு 15.3%. சந்தை முழுவதுமே, ரிஸ்க் இல்லாத வட்டிக்கு மேல், 11.5%தான் தந்திருந்தது.

இந்த எண்களைப் பார்த்துக் கண் அகல்வதற்கு முன் ஒரு விஷயம். 21.9% என்பது மொமெண்டம் பங்குகளை வாங்கியவருக்குக் கிடைத்த வருமானம் அல்ல. ஏறிய பங்குகளை வாங்கி, இறங்கியவற்றை அதே அளவுக்கு ஷார்ட் அடித்தால் இரண்டுக்கும் நடுவே வரும் வித்தியாசம். அந்த வித்தியாசத்தில் ஒரு கணிசமான பங்கு ஷார்ட் பக்கத்திலிருந்து வருகிறது. நம்மால் ரொக்கச் சந்தையில் ஒரு பங்கை ஷார்ட் அடித்து மாதக்கணக்கில் வைத்திருக்க முடியாது. அன்றைக்கே முடித்தாக வேண்டும். ஃபியூச்சர்ஸ் உள்ள பங்குகளில் முடியும் என்றாலும் மாதாமாதம் புதுப்பிக்கும் செலவு இருக்கிறது, அதோடு மிக மோசமாக இறங்கும் சிறு பங்குகளுக்கு ஃபியூச்சர்ஸே கிடையாது. மியூச்சுவல் ஃபண்டின் காரணித் திட்டங்களும் வாங்கும் பக்கம் மட்டும்தான். ஆக, ஆராய்ச்சித் தாளின் எண்ணில் பாதிக் கதவு நமக்கு முதலிலேயே மூடியிருக்கிறது.

அடுத்தது, ஊருக்குத் தெரிந்த ரகசியத்தின் மதிப்பு. டேவிட் மக்லீனும் ஜெஃப்ரி போண்டிஃபும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கச் சந்தையில் லாபம் தருவதாகச் சொல்லப்பட்ட 97 விதிகளை எடுத்து, ஒவ்வொன்றும் முதலில் ஆராயப்பட்ட காலத்துக்குப் பிறகு என்ன ஆனது என்று பார்த்தார்கள். ஆய்வுக் காலம் முடிந்த பிறகு, ஆனால் தாள் வெளியாகும் முன்பு, வருமானம் 26% குறைந்திருந்தது. தாள் வெளியான பிறகு 58% குறைந்தது. முதல் எண் நமக்குச் சொல்வது, பழைய தரவைத் தோண்டித் தோண்டி எடுத்ததில் கொஞ்சம் தற்செயல் கலந்திருக்கிறது என்பது. அதற்கு மேலான சரிவு, படித்தவர்கள் எல்லாரும் அதே பங்கை வாங்கப் போனதால் வந்தது என்பது அவர்களின் கணிப்பு. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹெய்கோ ஜேக்கப்ஸும் செபாஸ்டியன் முல்லரும் 39 நாடுகளில் இதே கேள்வியைக் கேட்டபோது, வெளியீட்டுக்குப் பிந்தைய சரிவு தெளிவாகத் தெரிந்தது அமெரிக்காவில் மட்டுமே. எனவே இந்தியாவில் லாபம் பாதியாகிவிட்டது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் திட்டம் போடும்போது பாதியாகும் என்று வைத்துக் கணக்குப் பார்ப்பதுதான் விவேகம். அதைத்தான் கீழே செய்கிறேன்.

இருபது லட்சம், பத்து ஆண்டு

ஒருவரிடம் 20 லட்சம் ரூபாய் இருக்கிறது. சாதாரண நிஃப்டி குறியீடு ஆண்டுக்கு 12% தரும் என்றும், மொமெண்டம் அதற்கு மேல் 3% தந்து 15% ஆகும் என்றும் வைத்துக்கொள்வோம். இவை என் அனுமானங்கள், கணிப்பு அல்ல. கணக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. அவர் முப்பது பங்குகளைத் தானே தேர்ந்து தன் டீமேட் கணக்கில் வைக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பட்டியல் போட்டால், முப்பதில் பதினைந்து மாறுகின்றன. மொமெண்டத்தில் இது சாதாரணம். ஆக, ஓராண்டில் அவர் விற்பது 20 லட்சத்துக்கு, வாங்குவது 20 லட்சத்துக்கு.

பங்குப் பரிவர்த்தனை வரி, அதாவது எஸ்டிடி, வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1%. நாற்பது லட்சம் புரண்டால் 4,000 ரூபாய். வாங்கும் பக்கத்தில் முத்திரைத் தீர்வை 0.015%, அது 300 ரூபாய். பங்குச் சந்தைக் கட்டணம், செபி கட்டணம், அவற்றின் மீது ஜிஎஸ்டி, ஒவ்வொரு பங்கை விற்கும்போதும் டெபாசிட்டரி பிடிக்கும் சில்லறை எல்லாம் சேர்ந்தால் இன்னும் 700 ரூபாய் போல. டெலிவரிக்கு புரோக்கரேஜ் வாங்காத நிறுவனம் என்றே வைத்துக்கொண்டாலும் 5,000 ரூபாய், அதாவது முதலீட்டில் 0.25%.

இது ரசீதில் தெரியும் செலவு. ரசீதில் வராத ஒன்று இருக்கிறது. திரையில் பங்கின் விலை 500 ரூபாய் என்று இருக்கும். நீங்கள் வாங்கப் போனால் 500.60-க்குத்தான் ஆள் கிடைப்பார், விற்கப் போனால் 499.40-க்கு. உங்கள் ஆர்டர் பெரிதானால் விலை இன்னும் நகரும். குறியீட்டின் பட்டியல் மாறும் நாளில் அத்தனை ஃபண்டுகளும் அதே பங்கை வாங்கும்போது இந்த இடைவெளி வலிக்கும். பெரிய, நடுத்தரப் பங்குகளில் ஒரு பக்கத்துக்கு 0.2% என்று எடுத்துக்கொள்கிறேன். நாற்பது லட்சத்துக்கு 8,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து 13,000, அதாவது 0.65%. பரவாயில்லையே, 3% கூடுதல் லாபத்தில் இது போனால் போகட்டும் என்று தோன்றும்.

உண்மையான அடி அதற்குப் பிறகு வருகிறது. பன்னிரண்டு மாதத்துக்குள் விற்ற பங்கின் லாபத்துக்கு, 2024 ஜூலை 23 முதல், 20% குறுகிய கால மூலதன ஆதாய வரி. செஸ் சேர்த்தால் 20.8%. மொமெண்டம் விதி ஆறு மாதத்துக்கு ஒரு முறை பங்கை வெளியே தள்ளுவதால் லாபத்தில் பெரும்பகுதி இந்த வலையில்தான் விழும். எல்லா லாபமும் விழுவதாகவே வைக்கிறேன். உண்மையில் சில பங்குகள் ஓராண்டைத் தாண்டும், நஷ்டத்தில் விற்றதைக் கழித்துக்கொள்ளலாம், எனவே நடைமுறையில் அடி கொஞ்சம் குறைவாக இருக்கும்.

15 சதவீதத்தில் செலவு போக 14.35%. அதில் வரி போக 11.4%. பத்து ஆண்டு கழித்து 20 லட்சம் சுமார் 58.7 லட்சம் ஆகும். பக்கத்து வீட்டுக்காரர் எதுவும் செய்யாமல் சாதாரண நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டு, 0.2% செலவு போக 11.8% பெற்று, பத்தாம் ஆண்டு முடிவில் மொத்தமாக விற்று, 1.25 லட்சம் விலக்குப் போக மீதி லாபத்துக்கு 12.5% நீண்ட கால வரியும் செஸும் கட்டினால் அவர் கையில் 55.8 லட்சம். பத்து ஆண்டு, இருபது முறை பட்டியல் போட்டு, அறுநூறு ஆர்டர் கொடுத்ததற்கு வித்தியாசம் 2.9 லட்சம்.

இப்போது மொமெண்டத்தின் கூடுதல் லாபம் பாதியாகி 1.5% மட்டும் என்று வையுங்கள். டீமேட்டில் தானே செய்தவருக்கு வரி போக 10.2%, பத்தாண்டில் 52.7 லட்சம். சும்மா இருந்த பக்கத்து வீட்டுக்காரரைவிட மூன்று லட்சம் குறைவு. மொமெண்டம் சந்தையை வென்றது. மொமெண்டத்தைச் செய்தவர் தோற்றார்.

அதே மொமெண்டத்தை மியூச்சுவல் ஃபண்ட் வழியாக எடுத்தால் கதை மாறுகிறது. ஃபண்டுக்குள் பங்கை வாங்கி விற்பதற்கு ஃபண்ட் மூலதன ஆதாய வரி கட்டுவதில்லை. நீங்கள் யூனிட்டை விற்கும்போது மட்டும் நீங்கள் கட்டுகிறீர்கள். எஸ்டிடியும் விலை இடைவெளியும் ஃபண்டுக்கும் உண்டு, அதற்கு மேல் நிர்வாகச் செலவும் உண்டு. எல்லாம் சேர்த்துக் குறியீட்டைவிட ஆண்டுக்கு 1% குறையும் என்று தாராளமாகவே வைக்கிறேன். 15% குறியீடு 14% ஆகும். பத்தாண்டு முடிவில் நீண்ட கால வரி கட்டிய பின் 67.3 லட்சம். கூடுதல் லாபம் பாதியானாலும் 59.3 லட்சம். இந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பாதி லாபம் மட்டும் தரும் மொமெண்டத்தை ஃபண்டில் வைத்தவர், முழு லாபம் தரும் மொமெண்டத்தை டீமேட்டில் தானே சுழற்றியவரை முந்திவிடுகிறார். எந்தக் காரணியைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைவிட, எந்தப் பையில் வைத்தோம் என்பது இங்கே பெரிய விஷயமாகிவிட்டது.

மற்ற இரண்டு காரணிகளுக்கும் இந்தக் கணக்கு இவ்வளவு கொடூரமானதல்ல. மலிவான பங்கு சீக்கிரம் மலிவை விட்டு வெளியே வராது. ஆடாத பங்கும் திடீரென ஆடத் தொடங்குவதில்லை. அதனால் பட்டியல் மெதுவாகத்தான் மாறும், ஓராண்டு தாண்டுவது எளிது. தானே செய்தே தீருவேன் என்பவருக்கு வேல்யூதான் பொருத்தம். மொமெண்டத்தையே செய்வதானால் வாங்கும் கோட்டையும் விற்கும் கோட்டையும் பிரித்து வைக்க வேண்டும். முதல் முப்பதுக்குள் வந்தால் வாங்கு, அறுபதுக்குக் கீழே போனால்தான் விற்று வெளியேறு என்பது போல. ராபர்ட் நோவி-மார்க்ஸும் மிஹைல் வெலிகோவும் பல உத்திகளின் வர்த்தகச் செலவை அளந்தபோது, செலவைக் குறைக்கும் வழிகளில் மிகப் பயனுள்ளது இதுதான் என்று கண்டார்கள்.

எப்போது வலிக்கும்

மூன்றுக்கும் மூன்று விதமான வலி. வேல்யூவின் வலி நீளமானது. அமெரிக்காவில் 2007-லிருந்து 2020 வரை மலிவான பங்குகள் வளர்ச்சிப் பங்குகளிடம் தோற்றுக்கொண்டே இருந்தன. காகிதத்தில் பதின்மூன்று ஆண்டு என்று படிப்பது வேறு. ஒவ்வொரு ஜனவரியிலும் அறிக்கையைத் திறந்து பார்ப்பது வேறு. லோ வாலட்டிலிட்டியின் வலி பொறாமை. எல்லாரும் 40% சம்பாதித்த ஆண்டில் நாம் மட்டும் 22%.

மொமெண்டத்தின் வலி கூர்மையானது, அதுவும் எதிர்பாராத திசையில் வருவது. சந்தை விழும்போது அல்ல, விழுந்து எழும்போதுதான் அது மோசமாக அடி வாங்குகிறது. கென்ட் டேனியலும் டோபியாஸ் மாஸ்கோவிட்ஸும் காட்டிய எடுத்துக்காட்டு: அமெரிக்காவில் 2009 மார்ச் முதல் மே வரை, அதற்கு முன் மிக மோசமாக விழுந்திருந்த பங்குகள் 163% ஏறின; முன்பு நன்றாக இருந்தவை 8% மட்டும். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. வீழ்ச்சிக்குப் பிறகு மொமெண்டம் பட்டியலில் இருப்பவை பாதுகாப்பான பங்குகள். கடனில் மூழ்கிச் சாகக் கிடந்த நிறுவனங்கள் வெளியே இருக்கும். அரசு காப்பாற்றும் என்ற நம்பிக்கை வந்ததும் பாய்வது அவைதான். ஷார்ட் அடிக்காத நமக்கு இதில் பணம் அழியாது. ஆனால் எல்லாரும் மீண்டு எழும்போது நாம் மட்டும் தரையில் நிற்போம்.

கூட்டம் சேர்ந்த மொமெண்டம் விழும்போதும் வேகமாக விழும். 2024 செப்டம்பர் இறுதியில் நிஃப்டி உச்சம் தொட்டு 2025 மார்ச் தொடக்கத்துக்குள் சுமார் 16% இறங்கியபோது, மொமெண்டம் 30 குறியீடு ஏறக்குறைய இருமடங்கு விழுந்தது. அந்த 2024-ல்தான் மொமெண்டம் பெயரில் புதிய ஃபண்டுகள் வரிசைகட்டி வந்திருந்தன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்த வலியைக் குறைக்க ஒரு வழி, வேல்யூவையும் மொமெண்டத்தையும் சேர்த்து வைப்பது. கிளிஃப் ஆஸ்னெஸ், மாஸ்கோவிட்ஸ், லாஸே பெடர்சன் மூவரும் 2013-ல் பல நாட்டுப் பங்குகள், நாணயங்கள், பத்திரங்கள், பண்டங்கள் எனப் பார்த்ததில், இரண்டுமே எல்லா இடத்திலும் வேலை செய்தன; அதோடு ஒன்று சறுக்கும்போது மற்றது பெரும்பாலும் தாங்கிப் பிடித்தது. இறங்கிய பங்கை வாங்குவதும் ஏறிய பங்கை வாங்குவதும் எதிரெதிர்த் திசை என்பதால் இது இயல்புதான். மூன்றையும் தனித்தனியாக வாங்கி ஆண்டுதோறும் தோற்றதை விற்று வென்றதற்கு மாற்றுபவர்களுக்கு மட்டும் இந்தப் பலன் கிடைக்காது.

எவ்வளவு காலம் காத்திருந்தால் நம் காரணி வேலை செய்கிறதா என்று தெரியும்? இதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு காரணி சந்தையைவிடச் சராசரியாக 3% கூடுதலாகத் தருகிறது, அந்த வித்தியாசம் ஆண்டுக்கு ஆண்டு 8% அளவுக்கு மேலும் கீழும் ஆடுகிறது என்று வையுங்கள். இது தற்செயல் அல்ல என்று புள்ளியியல் வழக்கப்படி நம்பிச் சொல்ல, 8-ஐ 3-ஆல் வகுத்து, இரண்டால் பெருக்கி, வந்ததை வர்க்கப்படுத்த வேண்டும். விடை 28 ஆண்டுகள். மூன்றாண்டு, ஐந்தாண்டு வருமானத்தை வைத்து இந்த ஃபண்ட் நல்லது, அந்த ஃபண்ட் மோசம் என்று தீர்ப்புச் சொல்பவர்களை நான் ஏன் கேட்பதில்லை என்பது இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

எனவே என் முடிவு இது. முதலீட்டின் பெரும்பகுதி சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டில் இருக்கட்டும். பங்கு முதலீட்டில் ஐந்தில் ஒரு பங்கை, ஒன்றுக்கு மேற்பட்ட காரணிகளில், நேரடித் திட்ட இண்டெக்ஸ் ஃபண்டுகளாக வைக்கலாம். வாங்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: குறியீடு எந்த ஆண்டு வெளியானது, வெளியான பிறகு அது தன் தாய்க் குறியீட்டை டிவிடெண்டும் சேர்த்து ஒப்பிட்டால் எப்படிச் செய்தது, ஃபண்ட் அந்தக் குறியீட்டைவிட ஆண்டுக்கு எவ்வளவு பின்தங்குகிறது. கடைசி எண்ணை ஃபண்ட் நிறுவனங்கள் தங்கள் தளத்திலேயே டிராக்கிங் டிஃபரன்ஸ் என்று வெளியிடுகின்றன.

ஏற்கெனவே டீமேட்டில் மொமெண்டம் செய்பவரா? உங்கள் புரோக்கரின் தளத்தில் டாக்ஸ் பி அண்ட் எல் அறிக்கையை இறக்கி, குறுகிய கால லாபத்துக்குக் கட்டிய வரியையும் எஸ்டிடியையும் கூட்டி, மொத்த முதலீட்டால் வகுத்துப் பாருங்கள். விடை 2 சதவீதத்தைத் தாண்டினால், அடுத்த பட்டியலைப் போடும் முன் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டின் விண்ணப்பத்தைத் திறங்கள்.